ஒரு வார ஆர்கானிக் வகுப்பை ஒரே பக்கமாக்கி வகுப்புக்கு அனுப்புவது எப்படி: SN1, SN2 வாரத்தை வைத்து முழுமையான வழிகாட்டி

நான் வகுப்புப் பிரதிநிதியாக இருந்தபோது அனுப்பிய சுருக்கங்களில் ஒன்றில் இப்படி ஒரு வரி இருந்தது: "SN2 என்றால் R சேர்மம் S ஆகும்." வகுப்பில் போட்ட எடுத்துக்காட்டுக்கு அது சரி. அடுத்த தேர்வில் வந்த கேள்விக்கு அது தவறு. என் பக்கத்தை நம்பிப் படித்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி மதிப்பெண் இழந்தார்கள். நம் நோட்டில் தவறு இருந்தால் நம்மோடு போயிற்று. வகுப்புக்கு அனுப்பிய பக்கத்தில் இருந்தால் அது எல்லார் விடைத்தாளிலும் ஏறிவிடும். அதற்குப் பிறகு நான் பக்கம் தயாரிக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். SN1, SN2 என்ற கருக்கவர் பதிலீட்டு வினைகள் நடந்த வாரத்தையே எடுத்துக்கொண்டு அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாரத்தின் கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

மூன்று வகுப்புகளின் குறிப்பையும் எடுத்து வரிசையாகச் சுருக்க ஆரம்பித்தால் பக்கம் நிரம்பும், பயன் இருக்காது. ஆசிரியர் கதையாகச் சொல்லிக்கொண்டு போவார்: 1896-ல் வால்டன் கண்ட தலைகீழ் மாற்றம், 1930-களில் ஹியூஸும் இன்கோல்டும் வைத்த பெயர்கள், அப்புறம் வேகச் சமன்பாடு, அப்புறம் கரைப்பான். கேட்பதற்கு இந்த வரிசை நன்றாக இருக்கும். ஆனால் தேர்வுக் கேள்வி முன்னால் இருக்கும்போது யாரும் 1896-லிருந்து தொடங்குவதில்லை.

எனவே பேனாவை எடுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இந்த வாரம் படித்ததை வைத்து ஒரு மாணவர் எந்த முடிவை எடுக்க வேண்டும்? இந்த வாரத்துக்கு விடை எளிது. ஓர் ஆல்கைல் ஹாலைடு, ஒரு நியூக்ளியோஃபைல், ஒரு கரைப்பான் கொடுத்தால் அது SN1 வழியில் போகுமா, SN2 வழியில் போகுமா, விளைபொருள் எது? பக்கம் முழுவதும் இந்த ஒரு முடிவுக்காகத்தான். அதற்கு உதவாத வரி எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் வெளியே. வால்டன் பெயரை நானும் வருத்தத்தோடுதான் எடுத்தேன்.

குறிப்புகளைத் திரட்டும்போது உங்கள் நோட்டை மட்டும் நம்ப வேண்டாம். வேகமாக எழுதும் ஒருவரிடமும், மெதுவாக எழுதினாலும் படத்தைச் சரியாக வரையும் ஒருவரிடமும் வாங்குங்கள். மூன்று நோட்டும் ஒத்துப்போகாத இடத்தில் பென்சிலால் வட்டமிடுங்கள். அந்த வட்டங்கள் பிறகு தேவைப்படும்.

ஒப்பீட்டு அட்டவணை வேண்டாம், முடிவெடுக்கும் வரிசை வேண்டும்

இந்தத் தலைப்புக்கு எல்லாரும் போடுவது இரண்டு பத்தி அட்டவணைதான். இடது பக்கம் SN1, வலது பக்கம் SN2, நடுவில் ஒரு கோடு. எனக்கு அது பிடிப்பதில்லை. இரண்டு பத்தியையும் மனப்பாடம் செய்தவர்கூட கேள்வியைப் பார்த்ததும் எந்தப் பத்திக்குள் நுழைவது என்று தெரியாமல் நிற்பார். பத்திக்குள் போன பிறகு என்ன நடக்கும் என்பதை மட்டும்தான் அட்டவணை சொல்கிறது.

அதற்குப் பதில் பார்க்கும் வரிசையை எழுதுங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஹாலஜன் ஒட்டியிருக்கும் கார்பன். மெத்தில் அல்லது ஓரிணையக் கார்பன் என்றால் SN2. நியூக்ளியோஃபைல் ஹாலஜனுக்குப் பின்புறமிருந்து வந்து மோத வேண்டும், அங்கே இடம் இருக்கிறது. மூவிணையக் கார்பன் என்றால் அந்த வழி மூன்று ஆல்கைல் தொகுதிகளால் அடைபட்டுவிடும். ஆனால் ஹாலைடு தானே பிரிந்துபோனால் உருவாகும் கார்போகேஷனை அதே மூன்று தொகுதிகளும் தாங்கிப் பிடிக்கும். ஆகவே SN1. இந்தக் காரணத்தை ஒரே வரியிலாவது பக்கத்தில் எழுதிவிடுங்கள். காரணம் தெரிந்தால் வரிசை மறக்காது.

ஈரிணையக் கார்பனில்தான் உண்மையான சிக்கல். இரண்டு வழியும் திறந்திருக்கும். பக்கத்தில் பாதி இடத்தை இதற்கே கொடுங்கள். இங்கே இரண்டாவதாக நியூக்ளியோஃபைலையும், மூன்றாவதாகக் கரைப்பானையும் பார்க்க வேண்டும். சயனைடு, அயோடைடு போன்ற வலுவான நியூக்ளியோஃபைல் இருந்து, கரைப்பான் டிஎம்எஸ்ஓ, அசிட்டோன் போன்றதாக இருந்தால் SN2. இந்தக் கரைப்பான்களில் ஹைட்ரஜன் பிணைப்பு தரக்கூடிய ஹைட்ரஜன் இல்லாததால் அவை எதிர்மின் அயனியைச் சுற்றி வளைத்துக் கட்டிப்போடுவதில்லை, அது சுதந்திரமாகத் தாக்கும். தண்ணீர், ஆல்கஹால் போன்றவை அயனிகளைச் சூழ்ந்துகொள்ளும். அதனால் நியூக்ளியோஃபைலின் வேகம் குறையும், கார்போகேஷனும் பிரிந்துபோகும் ஹாலைடும் நிலைபெறும். வலுவான நியூக்ளியோஃபைல் எதுவும் இல்லாமல் ஈரிணைய ஹாலைடு தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ மட்டும் இருக்கிறது என்றால் SN1 பக்கம் சாயலாம்.

விதிவிலக்கு ஒன்றே ஒன்றை மட்டும் சேருங்கள். நான் தேர்ந்தெடுப்பது 1-புரோமோ-2,2-டைமெத்தில்புரோப்பேன், `(CH3)3CCH2Br`. புரோமின் இருப்பது ஓரிணையக் கார்பனில். "ஓரிணையம், ஆகவே வேகமான SN2" என்று எழுதத் தோன்றும். ஆனால் பக்கத்துக் கார்பனில் இருக்கும் மூன்று மெத்தில் தொகுதிகள் பின்புற வழியை மறித்து நிற்பதால் வினை மிக மெதுவாகத்தான் நடக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதை இந்த ஒரு மூலக்கூறே சொல்லிவிடும்.

கூடவே ஒரு சின்ன எச்சரிக்கை. SN1-ல் உள்ள 1 படிகளின் எண்ணிக்கை இல்லை. வேகத்தைத் தீர்மானிக்கும் படியில் எத்தனை மூலக்கூறுகள் பங்கு பெறுகின்றன என்பதைத்தான் அது குறிக்கிறது. படி என்று எண்ணினால் SN2 தான் ஒரே படியில் முடியும், SN1-க்கு ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் உண்டு. நாங்கள் சேர்த்த மூன்று நோட்டில் ஒன்றில் இது தலைகீழாக இருந்தது.

இரண்டு கணக்குகளை முழுதாகப் போடுங்கள்

பக்கத்தின் கீழ்ப்பாதிக்கு இரண்டு தீர்த்த கணக்குகள் போதும். ஐந்து அரைகுறைக் கணக்குகளுக்கு இரண்டு முழுக் கணக்கு மேல்.

முதல் கணக்கு, (R)-2-புரோமோபியூட்டேனும் சோடியம் சயனைடும் டிஎம்எஸ்ஓ கரைப்பானில்.

```
CH3CH2CH(Br)CH3 + NaCN  →  CH3CH2CH(CN)CH3 + NaBr
வேகம் = k [RBr] [CN-]
```

கார்பன் ஈரிணையம். சயனைடு வலுவான நியூக்ளியோஃபைல். கரைப்பானும் துணை. ஆகவே SN2. வளைந்த அம்புகள் இரண்டு: ஒன்று சயனைடின் கார்பனில் உள்ள எலக்ட்ரான் இணையிலிருந்து தொடங்கி, புரோமின் ஒட்டியிருக்கும் கார்பனில் முடியும். இன்னொன்று C–Br பிணைப்பின் நடுவிலிருந்து தொடங்கிப் புரோமினில் முடியும். அம்பு எப்போதும் எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் தொடங்கி அது போய்ச் சேரும் இடத்தில் முடிய வேண்டும். நேர்மின் கார்பனிலிருந்து அம்பு கிளம்பினால் அந்தப் படம் தவறு என்று உடனே சொல்லிவிடலாம்.

சயனைடு பின்னாலிருந்து வந்ததால் கார்பனின் அமைப்பு காற்றில் புரண்ட குடைபோல் தலைகீழாகிறது. முன்னுரிமையைக் கணக்கிட்டால், தொடக்கத்தில் Br, எத்தில், மெத்தில், H. இறுதியில் CN, எத்தில், மெத்தில், H. வெளியே போனதும் முதலிடம், உள்ளே வந்ததும் முதலிடம். ஆகவே R இங்கே S ஆகிறது. விளைபொருள் (S)-2-மெத்தில்பியூட்டேன்நைட்ரைல்.

நான் சறுக்கியது இந்த இடத்தில்தான். எத்தில் இருந்த இடத்தில் CH2OCH3 இருப்பதாக வையுங்கள், அதாவது (R)-2-புரோமோ-1-மெத்தாக்ஸிபுரோப்பேன். தொடக்க வரிசை Br, CH2OCH3, CH3, H. சயனைடு வந்தபின் CN கார்பனில் ஒட்டியிருப்பவை N, N, N. CH2OCH3 கார்பனில் ஒட்டியிருப்பவை O, H, H. முதல் வேறுபாட்டிலேயே ஆக்சிஜன் நைட்ரஜனை வென்றுவிடும். ஆகவே CH2OCH3 முதலிடத்துக்கு ஏறி, CN இரண்டாமிடத்துக்கு இறங்குகிறது. அமைப்பு தலைகீழாகத்தான் ஆனது. ஆனால் முன்னுரிமையும் இடம் மாறியதால் எழுத்து R ஆகவே நிற்கிறது. எனவே பக்கத்தில் எழுத வேண்டிய வரி இது: "SN2-ல் அமைப்பு தலைகீழாகும். R, S எழுத்தைப் புதிதாகக் கணக்கிட்டு எழுது."

இரண்டாவது கணக்கு, 2-புரோமோ-2-மெத்தில்புரோப்பேன் தண்ணீரில்.

```
(CH3)3C-Br          →  (CH3)3C+ + Br-          (மெதுவானது)
(CH3)3C+ + H2O      →  (CH3)3C-OH2+            (வேகமானது)
(CH3)3C-OH2+ + H2O  →  (CH3)3C-OH + H3O+       (வேகமானது)
வேகம் = k [RBr]
```

பலர் நோட்டில் மூன்றாவது வரி இருக்காது. தண்ணீர் வந்து ஒட்டியதும் நேராக ஆல்கஹாலுக்குத் தாவிவிடுவார்கள். அப்படிச் செய்தால் நேர்மின்சுமை எங்கே போனது என்பதற்குக் கணக்கு இருக்காது. ஒவ்வொரு வரியிலும் இரு பக்கமும் மின்சுமையைக் கூட்டிப் பார்த்தால் இந்த மாதிரி விடுபடல் உடனே மாட்டிக்கொள்ளும்.

இந்த மூலக்கூறில் அந்தக் கார்பன் கைரல் இல்லை, ஆகவே R, S பேச்சுக்கே இடமில்லை. கைரல் கார்பனில் SN1 நடந்தால் கார்போகேஷன் தட்டையானது, இரு பக்கமும் தாக்கலாம், ரேசமிக் கலவை கிடைக்கும் என்பது வகுப்பில் சொல்வது. நடைமுறையில் சமபாதியாக வராமல், தலைகீழான வடிவம் சற்றுக் கூடுதலாக வருவது உண்டு. பிரிந்துபோன ஹாலைடு அயனி உடனே ஓடிவிடாமல் தான் இருந்த பக்கத்தையே கொஞ்ச நேரம் மறைத்து நிற்பதுதான் காரணம். நோட்டுகள் ஒத்துப்போகாமல் நான் வட்டமிட்டது இந்த இடத்தைத்தான். இப்படிப்பட்டதை நீங்களே தீர்ப்பு சொல்லி மூடிவிடாதீர்கள், செய்தியில் சந்தேகமாகவே குறிப்பிடுங்கள்.

அனுப்பும் முன் ஒரு சோதனை

நோட்டையும் புத்தகத்தையும் மூடிவிட்டு, பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கேள்வியைப் போடுங்கள். உதாரணமாக, ஹாலைடின் செறிவையும் நியூக்ளியோஃபைலின் செறிவையும் சேர்த்தே இரு மடங்காக்கினால் வேகம் என்ன ஆகும்? SN2 என்றால் 4 மடங்கு, SN1 என்றால் 2 மடங்கு. பக்கத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியவில்லை என்றால் வேகச் சமன்பாடு தெளிவாக எழுதப்படவில்லை என்று அர்த்தம்.

இதைவிட நல்ல சோதனை, அந்த வாரம் வகுப்புக்கு வராத ஒருவரிடம் கொடுப்பது. வந்தவர்கள் பக்கத்தில் இல்லாததையும் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்வார்கள். வராதவர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் ஓட்டை. என் தோழி ஒருத்தி "பின்புறம்னா எதுக்குப் பின்புறம்?" என்று கேட்டாள். ஹாலஜனுக்கு நேர் எதிர்ப்பக்கம் என்று நான் எங்குமே எழுதவில்லை.

கையால் எழுதிப் படமெடுப்பதில் தவறில்லை, சொல்லப்போனால் வளைந்த அம்புக்குக் கைதான் வசதி. ஆனால் அதைப் புகைப்படமாக அனுப்பாதீர்கள். செயலிகள் படத்தைச் சுருக்கும்போது அம்பு நுனியும் சிறிய எதிர்மின் குறியும்தான் முதலில் மங்கும். மங்கிப்போன `Br-` வெறும் `Br` ஆகத் தெரியும். ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி, ஆவணமாக அனுப்புங்கள். ஆசிரியரின் ஸ்லைடை அப்படியே ஒட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்தியை எழுதுவது

"நோட்ஸ் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்" என்று மட்டும் எழுதினால் கோப்பைச் சேமித்து வைப்பார்கள், திறக்க மாட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை, எதில் சந்தேகம், தவறு கண்டால் என்ன செய்வது என்ற நான்கும் செய்தியிலேயே இருக்க வேண்டும். நான் அனுப்பும் வடிவம் இது:

> வணக்கம் மக்களே. இந்த வார ஆர்கானிக் சுருக்கம் இணைத்திருக்கிறேன், ஒரே பக்கம்தான்.
>
> உள்ளே இருப்பது: SN1-ஆ SN2-ஆ என்று முடிவு செய்யும் வரிசை, முழுதாகப் போட்ட 2 கணக்குகள், வேகச் சமன்பாடுகள்.
>
> இல்லாதது: E1, E2 நீக்க வினைகள். அது அடுத்த வாரம். அதுவரை மூவிணைய ஹாலைடும் வலுவான காரமும் சேர்ந்து வரும் கேள்விக்கு இந்தப் பக்கத்தை வைத்து விடை எழுத வேண்டாம்.
>
> ஒரு சந்தேகம்: SN1-ல் ரேசமிக் கலவை சரியாகப் பாதிப் பாதியா, தலைகீழானது கொஞ்சம் கூடுதலா? நம் நோட்டுகளில் இரண்டு விதமாக இருக்கிறது. திங்கட்கிழமை வகுப்பில் கேட்டுச் சொல்கிறேன்.
>
> பக்கத்தைத் திறக்கும் முன் இதை யோசியுங்கள்: `(CH3)3CCH2Br` அசிட்டோனில் `NaI` உடன் வேகமாக வினைபுரியுமா? விடை பக்கத்தின் கடைசி வரியில்.
>
> தவறு கண்டால் எந்த வரி என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். திருத்தியதை நானே எல்லாருக்கும் அனுப்புகிறேன்.

"இல்லாதது" என்ற பகுதியை யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். இந்தப் பக்கம் மட்டும் கையில் இருப்பவர், மூவிணைய ஹாலைடுடன் சோடியம் ஈத்தாக்சைடு என்று கேள்வி வந்தால் SN1 என்று எழுதிவிடுவார். அங்கே முக்கியமாக நடப்பது நீக்க வினை. பக்கம் எங்கே முடிகிறது என்று சொல்லாவிட்டால் சரியான பக்கமும் தவறான விடைக்குக் கொண்டுபோய்விடும்.

திங்கட்கிழமை கேட்டுச் சொல்கிறேன் என்று நாள் குறிப்பிட்டால் அந்த நாளில் சொல்லியே ஆக வேண்டும். முடியாது என்று தோன்றினால் நாளைக் குறிப்பிடாதீர்கள்.

தட்டச்சில் ஒரு சின்ன விஷயம். கைரல் கார்பனைக் காட்ட உடுக்குறி போடும் பழக்கம் நமக்கு உண்டு. சில செயலிகளில் இரண்டு உடுக்குறிகளுக்கு இடையில் உள்ளதைத் தடித்த எழுத்தாக்கிவிட்டு, குறிகளை மறைத்துவிடுவார்கள். செய்தியில் உடுக்குறி வேண்டாம், "2-ஆவது கார்பன்" என்று எழுதிவிடலாம். அதேபோல் கிளைத் தொகுதிகளுக்கு அடைப்புக்குறியை மறக்காதீர்கள். `CH3CH2CHBrCH3` என்பதைவிட `CH3CH2CH(Br)CH3` சட்டென்று புரியும்.

கோப்பின் பெயரில் வாரமும் தலைப்பும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும்:

```
OC_W06_SN1-SN2_v1.pdf
```

தவறு கண்டுபிடிக்கப்பட்டால்

பழைய கோப்பைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் புதியதைப் போடத் தோன்றும். செய்யாதீர்கள். முதலாவதை ஏற்கெனவே தரவிறக்கி, சிலர் அச்சும் எடுத்திருப்பார்கள். புதிதாக ஒரு செய்தி அனுப்பி, எந்த வரி, முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன என்று மூன்றையும் சொல்லுங்கள். அச்செடுத்தவர் பேனாவால் ஒரே கோட்டில் திருத்திக்கொள்ளும்படி இருக்க வேண்டும். R, S விஷயத்தில் நான் அனுப்பிய திருத்தம் இது:

> மக்களே, போன சுருக்கத்தில் ஒரு தவறு, என்னுடையது. 9-ஆவது வரி: "SN2 என்றால் R சேர்மம் S ஆகும்." அதை அடித்துவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: "அமைப்பு தலைகீழாகும். எழுத்தைப் புதிதாகக் கணக்கிடு." 2-புரோமோபியூட்டேன் கணக்கின் விடை மாறவில்லை, அது சரிதான். எழுத்து மாறாமல் நிற்கும் ஒரு எடுத்துக்காட்டை v2-வில் சேர்த்திருக்கிறேன்.

கடைசிக்கு முந்தைய வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு வரி தவறு என்று கேட்டதும் பக்கம் முழுவதையும் சந்தேகிக்கத் தொடங்குவார்கள். எது மாறவில்லை என்று சொல்லாததால், அன்று இரவு பதினொரு மணிக்கு மேல் எனக்கு வந்த கேள்விகள் அத்தனையும் சரியாக இருந்த கணக்கைப் பற்றித்தான். அந்த வாக்கியத்தை நான் பிறகுதான் சேர்த்து மறுபடி அனுப்பினேன்.